பிரிப்பது வேறு, கழிப்பது வேறு

பழைய பாடநூல் ஒன்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, அதைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறவர்களிடையே ஒரு விதி கேள்வி முறையின்றிப் புழங்குகிறது: அச்சில் உள்ளதை எழுது, கையால் எழுதியதை விட்டுவிடு. மாணவர் ஓரத்தில் கிறுக்கியது, ஆசிரியர் வரிக்கு மேலே எழுதிக் கொடுத்த பொருள், யாரோ போட்ட கூட்டல் கணக்கு எல்லாமே இந்த விதியின்படி பக்கத்தில் படிந்த அழுக்கு. குட்டன்பெர்க் திட்டத்துக்காக 2000-ஆம் ஆண்டு முதல் நூல்களை மெய்ப்புப் பார்த்துவரும் டிஸ்ட்ரிபியூட்டட் புரூஃப்ரீடர்ஸ் அமைப்பின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: நூலில் கையால் எழுதப்பட்ட குறிப்புகளைச் சேர்க்க வேண்டாம். அதே வழிகாட்டுதல் ஒரு விலக்கும் தருகிறது. மங்கிப்போன அச்செழுத்தின் மேலேயே ஒருவர் எழுதித் தெளிவாக்கியிருந்தால், அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். விதியின் பலவீனம் அந்த விலக்கிலேயே இருக்கிறது. ஒரு கையெழுத்து மங்கிய அச்சைத் தெளிவாக்குகிறதா, புதிதாக எதையாவது சொல்கிறதா என்பதை அதைப் படிக்காமல் எப்படி முடிவு செய்வது? அச்சையும் கையெழுத்தையும் பிரிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பிரித்த பிறகு ஒன்றைக் குப்பையில் போட வேண்டும் என்பதைத்தான் மறுக்கிறேன். இந்தப் பழக்கத்தில் கையெழுத்துக்கு நேரும் இழப்போடு, அச்சுப்பாடமும் கெடுகிறது என்பதே என் வாதம்.

முதலில் எதிர்த்தரப்பின் அச்சத்தில் உள்ள நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ் படித்தவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏட்டுச்சுவடிகளில் மூலமும் உரையும் ஒரே ஓட்டமாக எழுதப்பட்டன. ஒருவர் பக்கத்தில் குறித்துவைத்ததை அடுத்துப் படியெடுத்தவர் பாட்டோடு சேர்த்து எழுதினால், அதன்பின் அது பாட்டின் பகுதியாகவே நின்றுவிடும். இடைச்செருகல் என்று நாம் அழைப்பதில் ஒரு பங்கு இப்படித்தான் உள்ளே வந்தது. குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி., கம்பன் பாடல்களில் எது கம்பனுடையது, எது பிறர் நுழைத்தது என்று பிரிக்கவே தம் ரசனையைப் பல ஆண்டு செலவிட்டார். அவருடைய பதிப்பில் பல பாடல்கள் விலக்கப்பட்டன, சில திருத்தப்பட்டன. அவர் தீர்ப்புகளை ஏற்பவரும் உண்டு, ஏற்காதவரும் உண்டு. அவருக்கு அப்படித் தீர்ப்புச் சொல்லவேண்டி வந்ததற்குக் காரணம், எந்தக் கை எதை எழுதியது என்ற தடயம் படியெடுத்தபோதே அழிந்துபோனதுதான். கலப்பு நடந்து முடிந்தபின் செவியையும் சுவையையும் தவிரத் துணையில்லை. ஆகவே பிரிக்க வேண்டும் என்கிறவர்கள் சரியாகவே தொடங்குகிறார்கள். ஆனால் சுவடி வரலாறு சொல்லும் பாடம், பிறர் எழுதியதை அழித்துவிடு என்பதல்ல. எந்தக் கை எதை எழுதியது என்பதை அழியவிடாதே என்பது. கழிப்பவரும் கலப்பவரும் அழிப்பது அந்த ஒரே தடயத்தைத்தான்.

இனி, பிரித்தல் என்ற வேலையையே பார்ப்போம். அச்சு நடுவில் இருக்கும், கையெழுத்து ஓரத்தில் இருக்கும், ஆகவே ஓரத்தை வெட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பாடநூல் அப்படி அமைவதில்லை. செய்யுள் பகுதியில் ஐந்து அடிக்கு ஒருமுறை ஓரத்தில் நிற்கும் 5, 10, 15 என்ற எண்கள் அச்சு. பத்தியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் வரும் ஓரத்தலைப்பும் அச்சு. மறுபுறம், பாடநூலின் நட்ட நடுவிலேயே கையெழுத்து வந்து உட்காரும்; அந்த நூலே அதற்கு இடம்விட்டு வைத்திருக்கிறது. 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்ற பயிற்சியில் செங்கோட்டை எந்த மாவட்டத்தில் உள்ளது என்று ஒரு கேள்வி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டின் மேல் பென்சிலில் 'கொல்லம்' என்று எழுதி, அதை அடித்து, மேலே மையில் 'திருநெல்வேலி' என்று எழுதியிருக்கிறது. அவசரமாகத் தட்டச்சு செய்கிறவர் விடையையும் சேர்த்து முழு வாக்கியமாக எழுதிவிடுவார். அப்போது அச்சில் இருந்த கேள்வி காணாமல் போய், அச்சில் இல்லாத கூற்று ஒன்று நூலாசிரியரின் பெயரில் ஏறிவிடும். விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றுகிறவர் கோட்டை மட்டும் வைத்து இரண்டு பெயர்களையும் நீக்குவார். அச்சுப்பாடம் தப்பித்துவிடும். ஆனால் திருவிதாங்கூர்-கொச்சியின் கொல்லம் மாவட்டத்தில் இருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துத் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது ஒரு வகுப்பறைக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்பதற்கு அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே சாட்சி அந்த அடித்தலும் திருத்தலும்தான். பழைய நூலை வைத்துக்கொண்டே புதிய பாடம் நடந்திருக்கிறது என்பதை வேறெந்த வரியும் சொல்லாது.

இடத்தை வைத்துப் பிரிக்க முடியாது என்றால் நிறத்தை வைத்துப் பிரிக்கலாமா? ஓரளவு முடியும். அதன் வழியையும் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். வண்ணப்படம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அடுக்குகள் சேர்ந்தது. சிவப்பு அடுக்கை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் சிவப்பு மை வெளுத்துத் தாளோடு தாளாக மறையும். நீல அடுக்கை எடுத்தால் நீல மை வெளுக்கும். கறுப்பு அச்சு மூன்றிலும் கறுப்பாகவே நிற்கும். ஆசிரியர் சிவப்பு மையில் குறுக்கே கோடிழுத்த வரியைப் படிக்க இது அருமையான வழி. ஆனால் பென்சிலுக்கு நிறம் இல்லை. அது மங்கிய அச்சைப் போலவே மூன்று அடுக்கிலும் சாம்பலாகத் தெரியும். கறுப்பு மையும் அப்படித்தான். மறுபக்கத்தில் எழுதிய மை ஊறி இந்தப் பக்கத்தில் இடவலம் மாறித் தெரிவதும் உண்டு. அதைக் கையெழுத்து என்று எண்ணி மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் உண்டு. இவற்றையெல்லாம்விடப் பெரிய கேடு படமெடுக்கும்போதே நேர்கிறது. கைபேசியில் ஆவணம் படமெடுக்கும் செயலிகள் பக்கத்தின் விளிம்பைத் தாமே வெட்டி, தாளை வெளுக்கவைத்து, கறுப்பு வெள்ளையாக்கித் தருகின்றன. பார்க்கச் சுத்தமாக இருக்கும். நிறம் போய்விட்டதால் எந்த மை எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மெல்லிய பென்சில் கோடு தாளின் வெண்மையோடு கரைந்திருக்கும். பிரிப்பதற்கு வேண்டிய தடயத்தை அழித்துவிட்டுப் பிரிக்க உட்காருகிறோம்.

அடுத்து எழுத்துணரி வருகிறது. அச்செழுத்துக்குப் பழக்கப்பட்ட எழுத்துணரி, ஒரே உயரத்தில் இருப்பதை ஒரே வரியாக எடுத்துக்கொள்ள விரும்பும். ஓரக்குறிப்பின் முதல் வரி அச்சின் ஏழாம் வரிக்கு நேராக இருந்தால் ஏழாம் வரியின் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும், இரண்டாம் வரி எட்டாம் வரியில் ஒட்டிக்கொள்ளும். விளைவாக ஓரக்குறிப்பு துண்டு துண்டாகச் சிதறி அச்சு வாக்கியங்களுக்குள் நுழைந்துவிடும். அவற்றில் உளறலாக வந்த துண்டுகளை மெய்ப்புப் பார்ப்பவர் கண்டுபிடித்து நீக்கிவிடுவார். ஆபத்தானவை சரியாகப் படிக்கப்பட்ட துண்டுகள்: ஒரு எண், 'அல்லது' என்ற சொல், ஒரு ஒத்த பொருட்சொல். வாக்கியத்துக்குள் பொருந்தி உட்கார்ந்துவிட்டால் அது கண்ணில் படாது. அடுத்தடுத்த வரிகளின் முடிவில் மட்டும் வாக்கியம் இடறுகிறதென்றால் ஓரக்குறிப்பு உள்ளே வந்திருக்கிறது என்று ஐயப்பட வேண்டும். அந்த ஐயத்தைத் தீர்க்க ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஓரக்குறிப்பைத் தனியே படித்து எழுதிவைத்தவரால் உள்ளே நுழைந்த துண்டை ஒரே பார்வையில் பிடிக்க முடியும். அதைப் படிக்க மறுத்தவரால் முடியாது. கையெழுத்தைப் படிப்பதால் அச்சுக்கு நேரும் நன்மை இதுதான்.

தமிழுக்கே உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. அதற்கு முன் அச்சான பாடநூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை போன்ற வளைவோடும், ணா, றா, னா ஆகியவை கால் தனியே நிற்காமல் சுழித்த வடிவிலும் இருக்கும். அத்தகைய பக்கத்தின் ஓரத்தில் புதிய வடிவில் ஒரு 'லை' எழுதியிருந்தால், எழுதியவர் பெரும்பாலும் பிற்காலத்தவர் என்று ஊகிக்கலாம். பழைய வடிவில் எழுதியிருந்தால் அப்படி ஒன்றும் சொல்ல முடியாது, ஏனெனில் பழைய வடிவில் எழுதப் பழகிய கை ஆணைக்குப் பிறகும் அப்படியே எழுதிக்கொண்டிருந்தது. ஆக, படத்தில் எழுத்தின் வடிவமே காலம் காட்டுகிறது. ஆனால் தட்டச்சு செய்தவுடன் இது அடியோடு மறைகிறது. யூனிகோடில் பழைய 'லை'க்கும் புதிய 'லை'க்கும் ஒரே குறியீடுதான். எழுத்துருதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. தட்டச்சுப் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு எந்த வரி அச்சு, எந்த வரி கை, எது முந்தியது, எது பிந்தியது என்று பின்னால் வருகிற எவராலும் பிரிக்க இயலாது. படத்தைக் கண்முன் வைத்திருப்பவர் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

இப்போது ஒரு பக்கத்தை முழுதாகப் பார்ப்போம். விளக்கத்துக்காக நாமே அமைத்துக்கொள்ளும் பக்கம் இது. ஆனால் இதில் வரும் நாணயக் கணக்கு மெய்யானது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. சில மைல் தள்ளியுள்ள தென்காசி பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தது. பிரிட்டிஷ் ரூபாய்க்குத் திருவிதாங்கூரில் 28 சக்கரம் 8 காசு, அதாவது இருபத்தெட்டரைச் சக்கரம். திருவிதாங்கூர்ப் பள்ளிக் கணக்குநூலின் ஒரு பக்கத்தில் இப்படி ஒரு கணக்கு அச்சாகியிருக்கட்டும்: ஒரு சக்கரத்துக்கு 4 மாம்பழம், ஒரு ரூபாய்க்கு எத்தனை? அடியில் விடை, 112. வலது ஓரத்தில் பென்சிலில் '28-8' என்றும் அதன்கீழ் '114' என்றும் இருக்கிறது. பக்கத்தின் குறுக்கே நீல மையில் மூலைக்கு மூலை ஒரு கோடு, மேலே 'பாடம் இல்லை'.

கழிப்பவர் 112 என்று எழுதிவிட்டு நகர்வார். கலப்பவரின் பிரதியில் '112 28-8 114' என்று வரும். படிப்பவர் தலை சுற்றிப்போவார். மூன்றாவதாக ஒருவர் உண்டு: கையெழுத்து என்றால் பிழைதிருத்தம் என்று எண்ணுகிறவர். அவர் 112-ஐ அச்சுப்பிழையாகக் கொண்டு 114 என்று மாற்றிவிடுவார். இவர்களுள் மிகுந்த கேடு செய்பவர் இவர்தான், ஏனெனில் இவர் செய்த தவறு வெளியே தெரியாது. '28-8' என்பதைக் கழித்தல் கணக்காகவோ தேதியாகவோ கொள்ளாமல் 28 சக்கரம் 8 காசு என்று படிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் பக்கம் தெளிவாகிறது. 28-ஐ 4-ஆல் பெருக்கினால் 112. இருபத்தெட்டரையை 4-ஆல் பெருக்கினால் 114. அச்சு தவறவில்லை, ஓரமும் தவறவில்லை. நூல் திருவிதாங்கூர் ரூபாயைக் கேட்கிறது. பென்சில் பிடித்த கை, எல்லைக்கு அப்பால் புழங்கிய ரூபாய்க்கு விடை போட்டுப் பார்க்கிறது. குறுக்குக் கோடு மூன்றாவது காலத்தைச் சொல்கிறது: சக்கரம் புழக்கத்திலிருந்து போனபின் இந்தக் கணக்குக்குப் பள்ளியில் வேலையில்லை. ஒரே பக்கத்தில் அச்சு, பென்சில், மை என மூன்று கைகள் உள்ளன. மூன்றையும் தனித்தனியே வைத்தால்தான் ஒவ்வொன்றும் சொல்வது விளங்கும். பென்சில் குறிப்பை நீக்கிவிட்டு 112 மட்டும் மிஞ்சிய பிரதியைப் படிக்கும் இன்றைய வாசகர், அது எந்த ரூபாய் என்று கேட்கவே தோன்றாமல் கடந்துபோவார்.

இதற்கு வரும் முதல் மறுப்பு: படம்தான் இருக்கிறதே, வேண்டியவர் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். பார்க்கலாம், ஆனால் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். 'சக்கரம்' என்று தேடுகிறவருக்குத் தட்டச்சுப் பிரதிதான் கிடைக்கும். பிரதியில் இல்லாத ஓரக்குறிப்பு தேடலில் வராது. இருநூறு பக்க நூலில் எந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுத்து இருக்கிறது என்று அறிய இருநூறு படங்களையும் திறக்க வேண்டும். தட்டச்சு செய்தவர் அந்த இருநூறையும் ஏற்கெனவே உருப்பெருக்கிப் பார்த்தவர். அவர் ஒரு வரி குறித்திருந்தால் முடிந்திருக்கும் வேலையைப் பின்னால் வருகிற ஒவ்வொருவர் தலையிலும் கட்டுவது நியாயமில்லை.

இரண்டாவது மறுப்பு உழைப்பைப் பற்றியது. தன்னார்வலர்கள் குறைவு, அச்சை முடிக்கவே நேரம் போதவில்லை, இதில் கிறுக்கலை வேறு படிப்பதா என்கிறார்கள். இது நேர்மையான கவலை. ஆனால் இரண்டு வேலைகளை ஒன்றாக எண்ணுவதால் வரும் கவலை. ஓரக்குறிப்பு இருப்பதைப் பதிவது ஒரு வேலை, அதை முழுதும் படித்தெழுதுவது வேறு வேலை. முதலாவதை யாரும் தவிர்க்கக் கூடாது. இரண்டாவது பிறகு நடக்கலாம், வேறொருவர் செய்யலாம். படமெடுக்கும்போது நான்கு விளிம்பும் தெரிய, வண்ணத்தில் எடுக்க வேண்டும். பென்சில் தடம் மங்கலாக இருந்தால், விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்து இன்னொரு படம். அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும். தட்டச்சில் அச்சுப்பாடத்தை மட்டும் ஓடவிட்டு, கையெழுத்து எதைத் தொட்டு நிற்கிறதோ அந்தச் சொல்லின் பின் ஒரு எண் இட்டால் போதும். பக்கத்தின் முடிவில் அந்த எண்ணுக்கு நேராக 'வலது ஓரம், பென்சில், கை-அ, இரண்டு வரி' என்று குறிக்க வேண்டும். படிக்க முடிந்தால் பாடம், முடியாவிட்டால் வினாக்குறி. கைகளுக்குப் பெயர் தேட வேண்டாம். மையையும் எழுத்தின் சாய்வையும் பார்த்து அ, ஆ என்று பிரித்தால் போதும். ஐயமிருந்தால் ஐயம் என்றே எழுதலாம். அச்சு மட்டும் வேண்டும் என்கிறவர் எண்களை நீக்கிவிட்டால் மாசில்லாத அச்சுப்பாடம் அவர் கையில் இருக்கும். கழித்துவிட்ட பிரதியிலிருந்து கையெழுத்தை மீட்க அப்படி ஒரு வழி கிடையாது.

மூன்றாவது மறுப்பு, பெரும்பாலான ஓரக்கிறுக்கல் பயனற்றது என்பது. உண்மைதான். மீசை வரைந்த படங்களையும் வெறும் சுழிகளையும் எழுத்தெழுத்தாகப் பதிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 'கிறுக்கல்' என்ற ஒரு சொல் போதும். ஆனால் பயனற்றது என்ற தீர்ப்பு படித்த பிறகு வரவேண்டிய தீர்ப்பு. படிக்காமலே எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்லக்கூடியதல்ல. பிரான்சில் பியர் டி ஃபெர்மா என்ற நீதிமன்ற அலுவலர், 1621-இல் அச்சான டயோஃபாண்டஸின் எண்கணித நூலைப் படித்துக்கொண்டே ஓரத்தில் குறிப்பெழுதினார். அவர் மறைந்தபின் மகன் சாமுவேல் 1670-இல் அந்நூலை மறுபடி அச்சிட்டபோது தந்தையின் குறிப்புகளைக் கழிக்கவில்லை, மூலத்தோடு கலக்கவும் இல்லை. எந்தக் கணக்கைத் தொட்டு எழுதினாரோ அந்தக் கணக்கின் கீழே, ஃபெர்மாவின் குறிப்பு என்று தலைப்பிட்டு அச்சிட்டார். ஃபெர்மா எழுதிய அந்தப் பிரதி பின்னர் தொலைந்துபோயிற்று. 1990-களில் ஆண்ட்ரூ வைல்ஸ் நிறுவும்வரை கணித உலகை முந்நூறு ஆண்டுக்கு மேல் அலைக்கழித்த தேற்றம் நமக்குக் கிடைத்தது மகன் செய்த அந்தப் பதிவால்தான். செங்கோட்டை மாணவர் ஒருவரின் ஓரக்கணக்கு ஃபெர்மாவின் தேற்றமல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் சாமுவேல் கையாண்ட முறை இரண்டுக்கும் பொருந்தும்: தனியே வை, உரிய இடத்தில் வை, யாருடையது என்று சொல்.

நான்காவது மறுப்பை நான் முழு மனதோடு ஏற்கிறேன். பாடநூலின் ஓரத்தில் மாணவர் பெயர், மதிப்பெண், தோழரைப் பற்றிய வசை, வீட்டு முகவரி எல்லாம் இருக்கும். எழுதியவர்கள் இன்றும் உயிரோடு இருக்கலாம். அவற்றை ஊரறியப் போடும் உரிமை படியெடுப்பவருக்கு இல்லை. ஆனால் இதற்கும் விடை, கழிப்பதல்ல. 'முகப்புப் பக்கம், நீல மை, மாணவர் பெயர், வெளியிடவில்லை' என்று எழுதினால் மானமும் காக்கப்படும், பதிவும் காக்கப்படும். சொல்லாமல் நீக்கியதையும் சொல்லி மறைத்ததையும் ஒன்றாகக் கருதக் கூடாது. இரண்டாவதில், அங்கே ஒன்று இருந்தது என்பதாவது மிஞ்சுகிறது.

பழைய பாடநூல்கள் கறையானுக்கும் எடைக்கடைக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. அச்சான பாடநூலுக்கு வேறெங்கோ இன்னொரு பிரதி இருக்கலாம். ஒரு நூலகத்தில் இல்லாவிட்டால் இன்னொன்றில் கிடைக்கலாம். ஓரத்தில் எழுதியதற்கு உலகில் அந்த ஒரு பிரதிதான். ஆகவே பழைய பாடநூலைப் படமெடுக்க எடுத்து வைத்திருப்பவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: விளிம்பை வெட்டாதீர்கள், நிறத்தை நீக்காதீர்கள், அச்சையும் கையையும் கலக்காதீர்கள், ஓரத்தில் எழுத்து இருக்கிறது என்பதை ஒரு வரியாவது எழுதிவையுங்கள்.